மை காயும் வரை

மெல்லிய தாளில் இரண்டு பக்கமும் எழுதியவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இப்போது உயிரோடு இல்லை. கோபத்தைக் காட்ட ஆள் இல்லாததால் கணினித் திரையைப் பார்த்துத் திட்டுவேன். வெளிநாட்டுக்குப் போகும் கடிதம் கனக்கக் கூடாது என்று வெங்காயச் சருகு மாதிரி தாள் வாங்கி, ஓரம்கூட விடாமல் எழுதி, பிறகு அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் நிரப்பியிருப்பார்கள். முன்பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தால் பின்பக்கத்து மை ஊடே தெரியும். அதுவும் நேராகத் தெரியாது. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறித் தெரியும். பின்பக்கத்துப் புள்ளி ஒன்று வந்து முன்பக்கத்து எழுத்தின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். யாரோ போட்ட கால், யாருடைய எழுத்துக்கோ காலாகிவிடும்.

ஓசூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கணவருக்கு இங்கே கம்பெனி வேலை கிடைத்தபோது விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தோம். வந்த புதிதில் கீழே இறங்கினால் ஒருவர் கன்னடத்தில் பேசுவார், அடுத்தவர் தெலுங்கில் பதில் சொல்வார், நான் நடுவில் பொம்மை மாதிரி நிற்பேன். இப்போது மூன்றிலும் சண்டை போடுவேன். ஐ.டி.ஐ. முடித்தவர்களின் பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் செய்வேன். இதற்கு நடுவே பழைய கையெழுத்தைப் படித்து அடித்துக் கொடுக்கிற வேலையும் எப்படியோ என்னிடம் சேர்ந்துவிட்டது. ஒரு கல்லூரி ஆசிரியருக்காக அவருடைய மாமனாரின் நாட்குறிப்பை அடித்துக் கொடுத்தேன். அவர் வாய் சும்மா இருக்குமா? ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

இந்த வேலைக்கு எனக்கென்று சில விதிகள் வைத்திருக்கிறேன். எழுதியவர் எழுதியது எப்படியோ அப்படியே அடிக்க வேண்டும். பிழையைத் திருத்தக் கூடாது. அவர் வேண்டாமென்று அடித்துவிட்ட வார்த்தையை, மேலே ஒரு கோடு போட்டு, அடித்த வார்த்தையாகவே காட்ட வேண்டும். படிக்க முடியாவிட்டால் படிக்க முடியவில்லை என்று குறிக்க வேண்டும். ஊகித்து எழுதுவது மட்டும் கூடவே கூடாது. நல்லெண்ணத்தோடு ஊகிப்பது அதைவிட மோசம்.

அந்த மனிதர் ஒரு விடுமுறை நாளில் வந்தார். இங்கே ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் சூப்பர்வைசர், சொந்த ஊர் கல்லாவி. ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். விடுமுறையிலும் சட்டைப் பையில் இரும்பு ஸ்கேல் குத்தியிருந்தது. உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினார்.

“எங்கம்மா எழுதுனது மேடம். மலேசியாவுல இருந்த எங்க மாமனுக்கு. மாமன் தவறி ஒரு வருசம் ஆவுது. அவரு பொண்ணு பெட்டிய ஒழிக்கறப்போ கெடைச்சுதுன்னு போட்டோ எடுத்து அனுப்பிச்சு. முழுசாப் படிக்கவே முடியலை. நீங்க படிச்சு அடிச்சுக் குடுத்தா அண்ணனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, எங்க பெரியம்மாவுக்குப் பெரிய எழுத்துல ஒண்ணு எடுத்துக்குவேன்.”

நான்கு படங்கள். இரண்டு தாள், இரண்டு பக்கமும் எழுதியது. பார்த்த உடனே பெருமூச்சு விட்டேன். எழுத்து பொடி எழுத்து. பின்பக்கத்து மை வரிகளுக்கு நடுவே முழுக்க முள்வேலி மாதிரி இறங்கியிருந்தது.

“ரெண்டு நாள் ஆகும்ணே,” என்றேன்.

“ஆவட்டும் மேடம். ஒண்ணு மட்டும். ஒரே ஒரு வரி. அதை மட்டும் அடிக்காம விட்டுடுங்க.”

“எந்த வரி?”

முதல் பக்கத்தைப் பெரிதாக்கி விரலால் காட்டினார். அந்த இடத்தில் மட்டும் அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. படத்தில் எங்கே இருக்கிறதென்று விரலுக்கே தெரிந்திருந்தது.

‘உடம்பு தேறும்வரை சின்னவனை அக்காளிடம் விடச் சொல்கிறார்கள். எனக்கு அவனை விட மனமே இல்லை.’

இரண்டாவது வாக்கியத்தின் மேல், வரியின் வலது பாதியில், பட்டையாக இரண்டு கோடுகள் ஓடின. அழுத்திப் போட்ட கோடுகள்.

“அந்தச் சின்னவன் நான்தான்,” என்றார்.

என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் விதி பேசுவேன். “வரிய விட்டுட்டு அடிக்கிற வேலை நான் செய்றதில்லண்ணே. விட்டா அது உங்க அம்மா கடுதாசி இல்ல, நான் எழுதுன கடுதாசி.”

அவர் கோபப்படவில்லை. “எங்கம்மாவே அடிச்சிட்டாங்களே மேடம். அவங்களே வேணாம்னு வுட்டதை நீங்க வுட்டா என்ன?”

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அம்மாவுக்கு நெஞ்சில் நோய். இவருக்கு மூன்று வயதிருக்கும்போது பெரியம்மா வந்து இவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாராம். அண்ணன் பெரியவன் என்பதால் அப்பாவோடு இருந்துவிட்டார். சில மாதத்தில் அம்மா இறந்துவிட்டார். இவர் வளர்ந்ததெல்லாம் பெரியம்மா வீட்டில்தான். பெரியம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் யாராவது ஒரு கிழம், ‘உங்கம்மாவே தூக்கிக் குடுத்துட்டுப் போனவன்தானேடா நீ’ என்று சொல்லாமல் இருந்ததில்லை. அவர்கள் அதைப் பிரியமாகத்தான் சொன்னார்களாம்.

“அந்த வரியப் படிச்சதும் ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு மேடம். அப்புறம்தான் கோடு தெரிஞ்சுது. மனசு மாறிட்டாங்க போல. எழுதிட்டு, வேணாம்னு அடிச்சிட்டாங்க. இது அண்ணன் கண்ணுல பட்டா என்னப் பாத்துப் பாவப்படுவான். அதுதான் எனக்கு ஆவாது.”

மாமா மகளுக்குக்கூட அவர் அதன்பின் பதில் போடவில்லை. அவள் ‘படிச்சீங்களா?’ என்று கேட்டு அனுப்பிய செய்தி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

“மொதல்ல முழுசா அடிக்கிறேன். அப்புறம் பேசிக்குவோம்,” என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்ததும் முதல் எரிச்சல் வந்தது. அந்தப் பெண் சாதாரணமாகப் படம் எடுக்கவில்லை. ரசீதையும் சான்றிதழையும் ஸ்கேன் செய்கிற கைப்பேசிச் செயலி ஒன்று இருக்கிறதே, அதில் எடுத்திருந்தாள். அது பழுப்பைப் பளீரென்று வெள்ளையாக்கும், மங்கலான மையைக் கன்னங்கரேல் என்றாக்கும். ரேஷன் கார்டுக்கு நல்லதுதான். மெல்லிய தாளுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. முன்பக்கத்து எழுத்து அடர்த்தியாகவும் பின்பக்கத்து எழுத்து வெளிறியும் இருப்பதை வைத்துத்தான் நம் கண் இரண்டையும் பிரிக்கிறது. செயலி இரண்டையும் ஒரே கறுப்பாக்கிவிட்டால், எது எந்தப் பக்கத்துக் கோடு என்று எப்படிச் சொல்வது? வண்ணப் படம் இருக்கிறதா என்று அவருக்கு போன் செய்தேன். இல்லை, வந்தது இவ்வளவுதான் என்றார். மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். “எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது மேடம்,” என்று வைத்துவிட்டார்.

சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாள் நன்றாக எழுதியிருந்தார். ‘அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதிக்கொண்டது’ என்று தொடங்கி, மழை இல்லை, புளி காய்ப்பில்லை, பக்கத்து வீட்டு மாடு நம் கொல்லையை மேய்கிறது என்று எல்லாப் புகாரும் இருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. புகார் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

முதல் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் அவர் ஒரு வார்த்தையைத் தப்பாக எழுதிவிட்டு அடித்திருந்தார். எப்படி அடித்திருந்தார் தெரியுமா? சுழி சுழியாக, நூல்கண்டு சுற்றுவதுபோல, கீழே இருக்கும் எழுத்தே தெரியாதபடி. அடுத்த பக்கத்திலும் ஒரு வார்த்தை, அதே நூல்கண்டு. அப்போதுதான் என் மூக்கில் ஏதோ வேர்த்தது. மனிதர்கள் வார்த்தையை அடிக்கும் விதம் கையெழுத்து மாதிரி. ஒருவர் ஒரே கோடாக இழுப்பார், ஒருவர் பெருக்கல் குறி போடுவார், ஒருவர் சுழிப்பார். ஒரே கடிதத்தில் ஒருவர் இரண்டு விதமாக அடிப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். மாட்டைப் பற்றி எழுதிய தப்பை இவ்வளவு மூர்க்கமாகச் சுழித்தவர், பெற்ற பிள்ளையைப் பற்றிய வரியை மட்டும் ஸ்கேல் வைத்ததுபோல இரண்டே கோட்டில் அடிப்பாரா?

இன்னொன்றும் இருந்தது. கோடு வாக்கியத்தோடு பொருந்தவில்லை. ‘எனக்கு’ என்ற வார்த்தையின் பாதியில்தான் ஆரம்பித்தது. மறுபக்கம் ‘இல்லை’யைத் தாண்டி வெற்று ஓரத்துக்குள் கொஞ்சம் நீண்டிருந்தது.

இது பின்பக்கத்துக் கோடாக இருக்கலாம் என்று தோன்றியதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதைச் சோதிக்க வழி உண்டு. பின்பக்கத்துப் படத்தை இடம் வலமாகத் திருப்பி, பாதி மங்கலாக்கி, முன்பக்கத்துப் படத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாள்போலப் போட வேண்டும். படங்கள் ஒரே கோணத்தில் எடுத்தவையாக இருக்காது. நாலு மூலையையும் இழுத்து, மடிப்பு மேல் மடிப்பு விழும்படி பொருத்த வேண்டும். பொருந்திவிட்டால், முன்பக்கத்தில் ஊடே தெரியும் கோடெல்லாம் பின்பக்கத்து எழுத்தின் மேல் போய் அச்சாக உட்காரும். அப்படி உட்காராதது மட்டும்தான் முன்பக்கத்தில் நிஜமாக எழுதியது.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். மூலைகளை இழுத்தேன். பொருந்தவில்லை. கொஞ்சம் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், சாய்த்தேன். அந்த இரண்டு கோடு இருக்கும் இடத்தில் இரண்டாம் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. மழையில்லாமல் கிணறு வற்றிய சமாச்சாரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அடிக்கோடு இல்லை, கட்டம் இல்லை, ஒரு மைத்துளிகூட இல்லை.

அப்படியென்றால் கோடு முன்பக்கத்துக் கோடுதான். அந்த அம்மாள்தான் அடித்திருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மனசு மிகவும் கனத்துப்போனது. யாரோ ஒருவருடைய அம்மா, எனக்கென்ன என்று சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. என் விதிப்படி அந்த வாக்கியத்தை அடித்து, மேலே கோடும் போட்டேன். திரையில் அது அச்செழுத்தில் இன்னும் கொடூரமாக இருந்தது. கையெழுத்தில் அடித்தால் ஒரு தயக்கமாவது தெரியும். அச்சில் தீர்ப்பு மாதிரி இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டுக் கீழே போய் ஒரு டீ குடித்தேன். டீக்கடைக்காரர் கன்னடத்தில் ஏனம்மா முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார். சர்க்கரை போதவில்லை என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மீதிப் பக்கங்களை அடிக்க உட்கார்ந்தேன். மனசு வேலையில் ஒட்டவில்லை. முதல் பக்கத்தில் படிக்க முடியாத ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. வரிகளுக்கு நடுவே தெரியும் பின்பக்கத்து எழுத்து என்னவென்று தெரிந்தால், அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கலாம். அதற்காக முதல் பக்கத்தையே இடம் வலமாகத் திருப்பினேன். இப்போது முன்பக்கத்து எழுத்து தலைகால் புரியாமல் போய், ஊடே தெரிந்த எழுத்து நேராகிவிடும். வரிகளுக்கு நடுவே இருந்து, துண்டு துண்டாக, ‘பாட்டில்’ என்று ஒரு வார்த்தை எழுந்து வந்தது.

பாட்டிலா? இரண்டாம் பக்கத்தில் எங்கேயும் பாட்டில் கிடையாது. நான் நேற்று முழுக்க அடித்த பக்கம், எனக்குத் தெரியாதா? அது மழை, மாடு, மாமனார் கால்வலி.

பாட்டில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. நான் கடிதம் ஓடுகிற வரிசையைப் பார்த்து, முதல் பக்கத்துக்கு அடுத்தது அதன் பின்பக்கம் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். புத்தகம் அப்படித்தான். நோட்டும் அப்படித்தான். ஆனால் அந்த அம்மாள் ஊற்றுப் பேனாவில் எழுதியிருக்கிறார். ஒற்றுத்தாள் இல்லாத வீடாக இருக்கும். முதல் பக்கம் முடிந்ததும் உடனே திருப்பினால் ஈர மை கீழே இருக்கும் பலகையிலோ பாயிலோ ஒட்டி இழுத்துக்கொள்ளும். அதனால் அதைக் காய வைத்துவிட்டு, இரண்டாவது தாளை எடுத்து அதன் முன்பக்கத்தில் எழுதியிருக்கிறார். அதுதான் நான் இரண்டாம் பக்கம் என்று எண்ணியது. பிறகு முதல் தாளைத் திருப்பி, மூன்றாம் பக்கம். பிறகு இரண்டாம் தாளைத் திருப்பி, நான்காம் பக்கம். எனக்கே சின்ன வயதில் பள்ளியில் அப்படி எழுதிய ஞாபகம் இருக்கிறது. இருந்தும் நேற்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

மூன்றாம் பக்கத்தைத் திருப்பி முதல் பக்கத்தின் மேல் போட்டேன். மடிப்பு மடிப்போடு சேர்ந்தது. மூலையில் குண்டூசித் துரு துருவோடு சேர்ந்தது. வரிகளுக்கு நடுவே நின்ற முள்வேலியெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்த் தன் தன் எழுத்தின்மேல் உட்கார்ந்தது. அந்த இரண்டு கோடும் சத்தமில்லாமல் போய் மூன்றாம் பக்கத்து இடது ஓரத்தில் இருந்த இரண்டு கோட்டின்மேல் விழுந்தன. அங்கே அவை எதையும் அடிக்கவில்லை. ஒரு வார்த்தைத் தொகுதிக்குக் கீழே, அழுத்தந்திருத்தமாக இரண்டு முறை இழுத்த அடிக்கோடு அது.

‘தைலம் இரண்டு பாட்டில், மறக்காதே.’

தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இருந்தாலும் உடனே அவரைக் கூப்பிடவில்லை. நான் பார்த்தது படத்தின் படம். செயலி மென்று துப்பிய படம். கோடு மேல் கோடு விழுகிறதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மனிதர் வாழ்க்கை முழுக்கச் சுமந்ததை இறக்கிவைக்கச் சொல்லும்போது, என் கணினியைக் காட்டி ‘நம்புங்கள்’ என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. தாளைப் பார்க்க வேண்டும். தாள் மலேசியாவில் இருந்தது.

போன் செய்து, அவருக்கு அடுத்த வார விடுப்பு வரும் நாளன்று காலையில் வரச் சொன்னேன். வந்தவரிடம் முன்கதை பேசாமல், “உங்க மாமா பொண்ணுக்கு வீடியோ கால் போடுங்க,” என்றேன்.

“எதுக்கு மேடம்?”

“போடுங்கண்ணே. திட்டுனா நான் வாங்கிக்கிறேன்.”

அவர் கைப்பேசியை வெறுமனே துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் போட்டார். அந்தப் பக்கம் வந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாதாம். இவரைப் பார்த்ததும், “என்ன மச்சான், காணாமலே போயிட்டீங்க. லெட்டர் அனுப்பினது தப்போன்னு நெனச்சேன்,” என்றாள். இவர், “இல்லம்மா, கொஞ்சம் வேலை,” என்று முணுமுணுத்தார்.

நான் கைப்பேசியை வாங்கிக்கொண்டேன். கடிதத்தின் முதல் தாளை எடுத்துவரச் சொன்னேன். பிறகு, ஒரு கறுப்பு அட்டையோ ஃபைலோ இருந்தால் அதன்மேல் தாளை வைக்கச் சொன்னேன். அவள் மகனுடைய கறுப்பு ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

“வெள்ளையில வெச்சாத்தானே நல்லா தெரியும்?” என்றாள்.

இதைக் கேட்காதவர்களே கிடையாது. வெளிச்சம் மெல்லிய தாளுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகும். அடியில் வெள்ளை இருந்தால் அங்கே பட்டுத் திரும்பி வரும், வரும் வழியில் பின்பக்கத்து எழுத்தையும் கூடவே மேலே கூட்டிக்கொண்டு வரும். கறுப்பு இருந்தால் போன வெளிச்சத்தை அது விழுங்கிக்கொள்ளும். பின்பக்கத்து எழுத்து அங்கேயே தங்கிவிடும். அதைச் சுருக்கமாகச் சொன்னேன். ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டாம், ஜன்னல் பக்கத்தில் கிடத்தி, ஃபிளாஷ் இல்லாமல், அந்தச் செயலியையும் தொடாமல், சாதாரணமாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

படம் வந்தது. கணினியில் திறந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

நீல மை. பழுத்த தாளில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. முள்வேலி பெரும்பாலும் போயிருந்தது. அந்த வாக்கியத்தின் மேல் மட்டும், வெளிறிய பழுப்பில், விட்டு விட்டு ஒரு கறை தெரிந்தது. இரண்டு முறை அழுத்தி இழுத்த இடம் என்பதால் மை தாளுக்குள்ளேயே ஊறி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தது. ஊறியதைக் கறுப்பு அட்டையும் மறைக்காது. ஆனால் எழுத்து நீலத்துக்கும் அந்தப் பழுப்புக்கும் கண்ணுள்ள யாரும் வித்தியாசம் சொல்வார்கள்.

“இப்ப அந்தக் கோடு இருக்கிற இடத்தைப் பாத்துச் சொல்லும்மா. அந்தப் பக்கம் எப்படி இருக்கு?” என்று கைப்பேசியில் கேட்டேன்.

அவள் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. “இந்தப் பக்கம் நல்ல நீலமா, தடிப்பா இருக்குலா. ரெண்டு கோடு. மேல ஏதோ எழுதியிருக்கு. முன்னால லேசா டீக்கறை மாதிரிதான் இருக்கு. முன்னால எழுதின கோடே இல்ல இது.”

மூன்றாம் பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, கோட்டையும் தைலத்தையும் காட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார். திரையில் முதல் பக்கத்து மேல் ஓரத்திலிருந்து கோடு வரை வைத்துப் பார்த்தார். மூன்றாம் பக்கத்திலும் அதேபோல வைத்துப் பார்த்தார். வலது ஓரத்திலிருந்து அளந்தார், அந்தப் பக்கத்தில் இடது ஓரத்திலிருந்து அளந்தார். இரண்டு படத்தையும் ஒரே அளவில்தான் வைத்திருந்தேன். தொழில்காரர், அவர் கைக்கு ஒத்துவந்தால்தான் மனசுக்கு ஒத்துவரும் என்று அவரை அளக்க விட்டேன்.

“ஒண்ணாத்தான் இருக்குது,” என்றார். பிறகு அந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தார். “எனக்கு அவனை விட மனமே இல்லை.” இன்னொரு முறை படித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், இந்த முறை நன்றாகச் சாய்ந்து.

“தைலத்துக்கா மேடம் ரெண்டு கோடு?” என்றார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது அவருக்கு.

கைப்பேசியில் இருந்த பெண், “தைலமா? அப்பா எப்பவும் சொல்வாரு, எங்க தங்கச்சி நான் என்ன வாங்கிட்டுப் போனாலும் தைலம் எங்கன்னுதான் மொதல்ல கேப்பான்னு,” என்றாள். அவளுக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. இவர் அவளிடம் சொல்ல ஆரம்பித்தார். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, முதல் ஷிஃப்டுக்குப் போன கம்பெனிப் பேருந்துகள் காலியாகத் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண் கரித்தது. அவ்வளவு நிம்மதியாக நான் அந்தக் கடையில் ஒருநாளும் நின்றதில்லை.

அவர்கள் பேசி முடித்ததும் கணினிக்கு வந்தேன். நான் அச்செழுத்தின் மேல் போட்டிருந்த கோட்டை அவர் எதிரிலேயே எடுத்தேன். வேண்டுமானால் அந்த வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போடட்டுமா என்று கேட்டேன். எனக்கே ஆச்சரியம், விதி பேசுகிறவள் நான்.

“வேணாம் மேடம். மத்த வரி எப்படியோ அப்படியே இருக்கட்டும். மழை, மாடு எல்லாம் எழுதிட்டு அதோட அதாத்தானே எழுதியிருக்காங்க.”

“கீழ ஒரு குறிப்பாவது போடுறேன். படத்துல தெரியிற கோடு பின்பக்கத்துதுன்னு. நாளைக்கு யாராவது படத்தையும் இதையும் வெச்சுப் பாத்தா குழம்பக் கூடாதில்ல?”

அதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார். தைலத்துக்குக் கீழே அடிக்கோடு, அது இரண்டு. அதை அவரே சரிபார்த்தார்.

மூன்று பிரதிகளை வாங்கிக்கொண்டு போனவர், கொஞ்ச நாள் கழித்துப் பெரிய எழுத்துப் பிரதியைத் திரும்பக் கொண்டுவந்தார். பெரியம்மா மடித்து மடித்து இடுப்பில் செருகி வைத்ததில் மடிப்பு கிழிந்துவிட்டதாம், பிளாஸ்டிக் உறை போட்டுத் தர வேண்டுமாம்.

“படிச்சுக் காட்டுனீங்களா?” என்றேன்.

“படிச்சேன் மேடம். அந்த வரிக்கு வந்ததும் கைய நீட்டி நிறுத்துனாங்க. ‘இது எனக்குத் தெரியாதாடா? உன்னத் தூக்கிக்கிட்டு வந்தப்போ ரோடு வரைக்கும் பின்னாலயே வந்தா. அவ ஏதுடா குடுத்தா, நான்ல புடுங்கிக்கிட்டு வந்தேன், அவ நோவு உனக்கு ஒட்டிக்கும்னு. நீ கேட்டதே இல்ல, நானும் சொன்னதே இல்ல’ன்னாங்க.”

உறை போடும் எந்திரம் சூடாகும் வரை அவர் காத்திருந்தார். சொல்ல இன்னும் ஏதோ இருந்தது, சொல்லத்தான் கூச்சப்பட்டார்.

“சின்ன வயசுலேருந்து அந்த வூட்டுல எனக்கு ஒரு பழக்கம் மேடம். போட்டதைத் தின்னுட்டு எழுந்துடுவேன். இன்னும் வேணும்னு கேட்டதே கெடையாது. குடுத்துட்டுப் போன புள்ளைக்கு என்ன உரிமைன்னு ஒரு இது. அன்னிக்கு மத்தியானம் களி போட்டாங்க. தின்னு முடிச்சேன். என்னமோ தெரியலை, தட்டை நீட்டி, இன்னொரு உருண்டை போடு பெரியம்மான்னுட்டேன்.”

“போட்டாங்களா?”

“திட்டிக்கிட்டே போட்டாங்க மேடம். இத்தினி வருசமா எங்கடா போயிருந்த, கேக்கறதுக்குன்னு.”